மூடிய அறையின் காற்று: காபனீரொட்சைட்டு அளவியும் விசிறியை இயக்கும் வரம்புகளும்

ரொறன்ரோவில் நவம்பர் மாதம் பூட்டப்படும் யன்னல்கள் பல வீடுகளில் ஏப்ரல் வரை திறக்கப்படுவதில்லை. வெப்பச் செலவைக் குறைப்பதற்காக யன்னல் விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டப்படுகின்றது. கதவடியில் பழைய துணி செருகப்படுகின்றது. இவ்வாறு இறுக மூடப்பட்ட அறையில் இருவர் எட்டு மணி நேரம் உறங்கி எழும்போது, இரவு முழுவதும் அவர்கள் வெளிவிட்ட மூச்சின் கணிசமான பகுதி அவ்வறையிலேயே தங்கியிருக்கும். காலையில் தலைப்பாரம், வறண்ட தொண்டை, கண்ணாடியில் வடியும் நீர் ஆகியவற்றைக் குளிர்காலத்தின் இயல்பு என்று எண்ணிக்கொள்வோர் பலர். குறிப்பாக நிலக்கீழ்த் தளத்தில் வசிப்போருக்கு இது நாளாந்த அனுபவம்.

அறைக்காற்று எந்த அளவுக்குப் பழையதாகிவிட்டது என்பதை அறிய எளிய வழி அதிலுள்ள காபனீரொட்சைட்டை அளப்பதாகும். அந்த அளவைக் கொண்டே விசிறியை இயக்கவும் நிறுத்தவும் முடியும். அதற்கான அளவி, வரம்புகளைத் தெரிவுசெய்யும் முறை, அம்முறை தவறும் இடங்கள் ஆகியன கீழே விளக்கப்படுகின்றன.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு ஆகிய இரு சொற்களும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஆனால் அவை குறிக்கும் வாயுக்கள் வேறு. மனிதர் மூச்சில் வெளிவிடுவது காபனீரொட்சைட்டு. எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் கொடிய நச்சுவாயு காபனோரொட்சைட்டு. எரிவாயு அடுப்பு, நீர்சூடாக்கி, வெப்ப உலை போன்றவை உள்ள வீடுகளில் உறங்கும் இடங்களின் அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாணச் சட்டம். இங்கு விளக்கப்படும் காபனீரொட்சைட்டு அளவி அந்த நச்சுவாயுவை அறியாது. அதன் திரையில் நல்ல எண் தோன்றும் வேளையிலும் ஆபத்து இருக்கலாம். ஆகவே ஒன்றை வாங்கியதால் மற்றொன்றைக் கழற்றிவிடுதல் கூடாது.

எண் சொல்வது என்ன

திரையில் ppm என்று தோன்றும் அலகு, காற்றின் பத்து இலட்சம் பங்குகளில் காபனீரொட்சைட்டு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். வெளிக்காற்றில் இது இன்று ஏறத்தாழ 420. நகரச் சாலைகளின் ஓரத்தில் இன்னும் சற்று உயரலாம். ஆட்கள் இருக்கும் எந்த அறையிலும் இதனிலும் கூடுதலான எண்ணே தோன்றும். கனடிய சுகாதாரத் திணைக்களம் 2021 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, வீடுகளில் 24 மணி நேரச் சராசரி 1,000 ஐத் தாண்டாதிருத்தல் வேண்டும். தொழிலிடங்களில் எட்டு மணி நேரத்துக்குப் பொதுவாக ஏற்கப்படும் உச்ச அளவு 5,000. எனவே ஓர் இரவில் 1,300 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சில நிமிடங்களுக்கு உயர்ந்து தாழும் எண்ணை விட, நாள்தோறும் மணிக்கணக்காக உயர்ந்தே நிற்கும் எண்ணே கவனத்துக்குரியது. அத்தகைய அறையில் காபனீரொட்சைட்டு மட்டும் சேர்வதில்லை. ஈரப்பதனும், தடிமனோ காய்ச்சலோ உள்ள ஒருவர் வெளிவிடும் நுண்கிருமிகளும் கூடவே தங்கிவிடுகின்றன. அளவி காட்டுவது காபனீரொட்சைட்டை. ஆனால் அந்த எண்ணிலிருந்து ஊகிக்கக்கூடியது அறைக்காற்று மாறும் வேகத்தை.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ்க் குடியிருப்பின் படுக்கையறை 4 மீற்றர் நீளமும் 3.5 மீற்றர் அகலமும் 2.3 மீற்றர் உயரமும் உடையது. அதன் கன அளவு ஏறத்தாழ 32 கன மீற்றர். அறையோடு ஒட்டிய குளியலறையில் வெளியேற்று விசிறி ஒன்று உண்டு. அறையில் ஒரு தம்பதியர் உறங்குகின்றனர். உறங்கும் ஒரு வளர்ந்தவர் மணிக்கு ஏறத்தாழ 12 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுவார். இருவருக்கும் 24 லீற்றர். அறைக்கு வெளியே உள்ள நடைபாதையின் காற்று 500 என்று அளவி காட்டுகின்றது.

கதவை மூடி விசிறியையும் நிறுத்தியிருந்தால், இடுக்குகள் வழியே மணிக்கு ஏறத்தாழ 10 கன மீற்றர் காற்று மட்டுமே மாறும் எனக் கொள்வோம். இரவு 10 மணிக்கு 600 ஆக இருந்த எண் பத்தரை மணியைச் சற்றுத் தாண்டும்போதே 1,000 ஐ எட்டும். 11 மணிக்கு 1,200. அதிகாலை 2 மணிக்கு 2,200 ஐத் தாண்டும். காலை 6 மணிக்கு 2,700 அளவில் நிற்கும். இறுக மூடிய படுக்கையறைகளில் இத்தகைய எண்கள் அரிதானவை அல்ல. முதன்முறை அளவியை வாங்கிய குடும்பங்கள் பெரும்பாலும் கருவி பழுது என்றே நினைக்கின்றன.

நம்பத்தக்க அளவி

சில வேளைகளில் கருவி உண்மையிலேயே பிழையானதாக இருக்கக்கூடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில கருவிகள் காபனீரொட்சைட்டை அளப்பதே இல்லை. காற்றிலுள்ள மணப்பொருட்களையும் ஆவிகளையும் உணர்ந்து, அதிலிருந்து காபனீரொட்சைட்டின் அளவை ஊகித்துக் காட்டுகின்றன. இத்தகைய கருவிகளின் திரையிலோ விபரத்தாளிலோ eCO2 என்று காணப்படலாம். கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கும் ஓசை கேட்டவுடனேயே இவற்றின் எண் ஆயிரக்கணக்கில் பாயும். சாம்பிராணி போட்டாலும் அவ்வாறே. அதைக் கொண்டு விசிறியை இயக்கினால், விசிறி ஆட்களின் மூச்சுக்கு அன்றிச் சமையலறையின் வாசனைக்கே பணிந்து நடக்கும்.

அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அளக்கும் கருவியையோ, ஒளியால் உண்டாகும் நுண்ணொலியைக் கொண்டு அளக்கும் கருவியையோ வாங்குதல் வேண்டும். அகச்சிவப்பு வகையின் பெட்டியில் NDIR என்ற எழுத்துகள் இருக்கும். வீட்டிலேயே சோதிக்கவும் வழி உண்டு. கை கழுவும் கிருமிநீக்கித் திரவத்தைச் சிறிது துணியில் நனைத்து, கருவிக்கு ஓரடி தூரத்தில், மூச்சு அதன்மேல் படாதவாறு சில நிமிடங்கள் வைக்க வேண்டும். எண் பெரிதாக உயர்ந்தால் அது ஊகிக்கும் கருவி. உண்மையான அளவி அதைப் பொருட்படுத்தாது. ஒருவர் அதன்மேல் ஊதினால் மட்டும் சடுதியாக உயரும். எரிவாயு அடுப்பு எரியும்போது உண்மையான அளவியும் உயரும் என்பதை மறத்தலாகாது. எரிவாயுவின் சுடரும் காபனீரொட்சைட்டை வெளியிடுகின்றது.

கருவியை உறங்குபவரின் முகத்திலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி, இருந்தவாறு மூச்சுவிடும் உயரத்தில் வைத்தல் நலம். யன்னலோரத்திலும், திரைச்சீலைக்குப் பின்னாலும், வெப்பக்காற்று வரும் துவாரத்துக்கு மேலும் வைத்தால் அறையின் எண் கிடைக்காது; அந்த மூலையின் எண்ணே கிடைக்கும்.

விசிறி எவ்வளவு காற்றை மாற்றுகின்றது

குளியலறை விசிறிகளின் மீது நிமிடத்துக்கு 50 கன அடி என்பது போன்ற அளவு குறிக்கப்பட்டிருக்கும். இது மணிக்கு ஏறத்தாழ 85 கன மீற்றர். ஆனால் அது தொழிற்கூட அளவு. வீட்டில் வளைந்தும் நெளிந்தும் செல்லும் குழாயில், தூசு படிந்த துவாரத்தின் வழியாக, அதில் பாதி கூடக் கிடைக்காமல் போகலாம். ஒலி கேட்கின்றதே என்று விசிறி வேலைசெய்வதாக எடுத்துக்கொள்ள முடியாது. நல்வாய்ப்பாக, காபனீரொட்சைட்டு அளவியைக் கொண்டே உண்மை அளவைக் கண்டுபிடிக்கலாம்.

காலையில் எழுந்ததும் அறையின் எண் 2,700. நடைபாதையின் எண் 500. இரண்டுக்கும் இடையிலான மிகை 2,200. அளவியை அறையிலேயே வைத்து, விசிறியை இயக்கி, கதவை மூடிவிட்டு அனைவரும் வெளியேற வேண்டும். அறையில் ஒருவர் இருந்தாலும் கணக்குப் பிழைக்கும். மிகை அரைவாசியாகி 1,100 ஆகும்போது, அதாவது திரையின் எண் 1,600 ஐத் தொடும்போது, எவ்வளவு நேரம் சென்றது என்று பார்க்க வேண்டும். அளவியின் பதிவைக் கைப்பேசியில் காணக்கூடியதாயின் உள்ளே செல்ல வேண்டிய தேவையும் இல்லை. 0.69 ஐ அறையின் கன அளவால் பெருக்கி, அந்த நேரத்தை மணியாக மாற்றி வகுத்தால் வருவது, மணிக்கு எத்தனை கன மீற்றர் காற்று மாறுகின்றது என்பதாகும்.

எடுத்துக்காட்டின் அறையில் அரைவாசியாக 19 நிமிடங்கள் சென்றன. அது 0.317 மணி. 0.69 × 32 ÷ 0.317 என்பது ஏறத்தாழ 70. ஆகவே 85 என்று குறிக்கப்பட்ட விசிறி 70 ஐத் தருகின்றது, இது மோசமில்லை. மற்றொரு காலையில் விசிறி இல்லாமல் இதே சோதனையைச் செய்தபோது 2 மணி 13 நிமிடங்கள் சென்றன, விடை 10. முன்னர் எடுத்துக்கொண்ட எண் இவ்வாறு கிடைத்ததே.

இனி மிக முக்கியமான கணக்கு. விசிறி இடைவிடாது ஓடினாலும், ஆட்கள் மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பதால் எண் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. அந்தச் சமநிலை எண்ணை அறிய, உறங்குவோர் மணிக்கு வெளிவிடும் லீற்றரை 1,000 ஆல் பெருக்கி, மாறும் காற்றின் அளவால் வகுத்து, உள்ளே வரும் காற்றின் எண்ணைக் கூட்ட வேண்டும். இவ்வறையில் 24,000 ஐ 70 ஆல் வகுத்தால் 343. அதனுடன் நடைபாதையின் 500 ஐக் கூட்டினால் 843. விசிறி இரவு முழுவதும் ஓடினாலும் இருவர் உறங்கும் இவ்வறை 843 க்குக் கீழே போகாது.

இரண்டு வரம்புகள் ஏன் வேண்டும்

விசிறியை இயக்க ஒரே ஒரு வரம்பை வைத்தால், உதாரணமாக 1,000 என்று மட்டும் வைத்தால், எண் 1,001 ஆனதும் விசிறி ஓடும். 999 ஆனதும் நிற்கும். சில நொடிகளில் மீண்டும் ஓடும். அளவியின் எண் இயல்பாகவே பத்திருபது ஏறி இறங்கக்கூடியது. இரவு முழுவதும் டிக், டிக் என்று ஆளி தட்டிக்கொண்டிருக்க, உறக்கமும் கெடும், மோட்டரும் தேயும். ஆகவே விசிறி தொடங்க ஒரு வரம்பும், நிற்க அதனிலும் தாழ்ந்த மற்றொரு வரம்பும் வேண்டும். தெர்மோஸ்டாட் வெப்ப உலையை இயக்குவதும் இதே முறையிலேயே.

1,000 இல் தொடங்கி 800 இல் நிறுத்து என்பது பலரும் முதலில் தெரிவுசெய்யும் இணை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் இந்த அறைக்கு அது பொருந்தாது. எண் 843 க்குக் கீழே இறங்க முடியாதபோது 800 என்ற நிறுத்த வரம்பை அது ஒருபோதும் எட்டப்போவதில்லை. விசிறி ஒருமுறை தொடங்கினால் விடியும்வரை ஓடும். வரம்பு வைத்தும் விசிறி நிற்கவே மாட்டேன் என்கின்றதே என்ற குறையின் காரணம் பெரும்பாலும் இதுவே; கருவியிலோ ஆளியிலோ பழுது தேட வேண்டியதில்லை. நிறுத்த வரம்பு சமநிலை எண்ணை விட 50 ஆவது உயர்ந்திருக்க வேண்டும்.

இவ்வறையில் 1,100 இல் தொடங்கி 900 இல் நிறுத்தினால், விசிறி ஏறத்தாழ 41 நிமிடங்கள் ஓடி 20 நிமிடங்கள் ஓயும். இரவின் சராசரி 1,000 ஐ ஒட்டி அமையும்; பகலில் அறை வெறுமையாக இருப்பதால் 24 மணி நேரச் சராசரி அதற்கு நன்கு கீழே நிற்கும். ஒருவர் மட்டும் உறங்கும் இரவுகளில் சமநிலை எண் 671 ஆகக் குறைவதால், அதே வரம்புகளோடு விசிறி மிகக் குறைந்த நேரமே ஓடும். எவரும் இல்லாதபோது அது ஓடவே தேவையில்லை. நேரக் கணிப்பியைக் கொண்டு விசிறியை ஓட்டுவதற்கும் வரம்பைக் கொண்டு ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகின்றது.

செலவைப் பார்க்கலாம். வெளியே −10 பாகை, உள்ளே 21 பாகை செல்சியசு எனின், மணிக்கு 70 கன மீற்றர் குளிர்ந்த காற்றைச் சூடாக்க ஏறத்தாழ 730 வாற் வெப்பம் வேண்டும். நாள் முழுவதும் விசிறியை ஓடவிட்டால் 17 கிலோவாற் மணிக்கும் மேல் வெப்பம் வெளியேறும். மேற்கூறிய வரம்புகளோடு இரவில் மட்டும் ஓடினால் 4 கிலோவாற் மணியளவே ஆகும். விசிறியின் மோட்டர் உண்ணும் மின்சாரம் இதனோடு ஒப்பிடுகையில் அற்பமானது.

வரம்புகளோடு வேறு இரு நிபந்தனைகளும் உதவும். விசிறி தொடங்கினால் குறைந்தது பத்து நிமிடங்களாவது ஓட வேண்டும் என்பது ஒன்று. அளவியிலிருந்து எண் வராவிட்டால், அதன் மின்கலம் தீர்ந்தோ வை-ஃபை தொடர்பு அறுந்தோ போனால், விசிறி நின்றுவிடாமல் ஓட வேண்டும் என்பது மற்றொன்று. பல தானியங்கு ஆளிகள் தொடர்பு அறுந்ததும் கடைசி நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. அது மாலை 7 மணியின் 600 ஆக இருந்தால், இரவு முழுவதும் விசிறி அசையாது. நிறுவிய அன்றே அளவியை நிறுத்திப் பார்த்து, விசிறி என்ன செய்கின்றது என்று சோதிப்பது நல்லது.

இயக்கும் வழி

மிக எளிய முறை கையால் இயக்குவதே. இரண்டு வாரம் எண்களைப் பார்த்து வந்தால், உறங்கப் போகும் முன் விசிறியைப் போட்டுக் காலையில் நிறுத்தினால் போதுமா என்பது தெரிந்துவிடும். சில வீடுகளுக்கு வேறெதுவும் தேவைப்படுவதில்லை. படுக்கையறைக் கதவைத் திறந்து வைப்பதே எண்ணைப் பாதியாகக் குறைத்துவிடும் வீடுகளும் உண்டு. செருகி மூலம் இயங்கும் விசிறியாயின், அளவியோடு இணையக்கூடிய ஸ்மார்ட் பிளக் ஒன்றைப் பயன்படுத்தலாம். அதன் மீது குறிக்கப்பட்ட மின்னோட்ட அளவு விசிறியின் மோட்டருக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

சுவரில் பொருத்தப்பட்ட குளியலறை விசிறியின் ஆளியை மாற்றுவது மின்வேலை. வாடகைக்கு இருப்பவர் அதைத் தாமே செய்தலாகாது. வீட்டு உரிமையாளரிடம் கூறி, உரிமம் பெற்ற மின்வேலை ஒப்பந்தக்காரரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்குக் கொடுக்கும் காற்று மாற்றி உண்டு. எச்ஆர்வி என்று அழைக்கப்படுவது அதுவே. அது பெரும்பாலும் தாழ்ந்த வேகத்தில் எப்போதும் ஓடும். உயர்ந்த வேகத்துக்கு மாற்றக் கட்டுப்பாட்டு இணைப்புகள் இருக்கும். காபனீரொட்சைட்டுக் கட்டுப்படுத்தி ஒன்றை அங்கே இணைத்து, 1,000 க்கு மேல் உயர்வேகம் என்று அமைப்பதே மிகச் சீரான ஏற்பாடு. வெப்பமும் வீணாவதில்லை. இத்தகைய கருவி இருந்தும், ஒலிக்கின்றது என்று அதன் செருகியைக் கழற்றி வைத்திருக்கும் வீடுகள் பல. முதலில் அதை இயக்குவதே முறை.

உறவினர் கூடும் நாட்களில் எந்த வரம்பும் பயன்படாது. எட்டுப் பேர் அவ்வறையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தால், விழித்திருக்கும் ஒருவருக்கு மணிக்கு ஏறத்தாழ 18 லீற்றர் என்ற கணக்கில், விசிறி ஓடினாலும் எண் 2,500 ஐ நோக்கியே செல்லும். யன்னலைச் சிறிது நேரம் அகலத் திறப்பதே அதற்கு வழி. ஐந்து நிமிடம் அகலத் திறப்பது, மணிக்கணக்காகச் சிறு இடுக்கை விட்டு வைப்பதிலும் சிறந்தது. காற்று மாறிவிடும், சுவர்களும் தளபாடங்களும் குளிர்ந்துபோகா.

தவறும் இடங்கள்

விசிறி ஓடியும் எண் இறங்கவில்லையென்றால், காற்று வெளியேறவில்லை அல்லது உள்ளே வரவில்லை என்பது பொருள். எடுத்துக்காட்டின் அறையில் அரைவாசியாகும் நேரம் 19 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக நீண்டுவிட்டால், மாறும் காற்று 33 கன மீற்றராகக் குறைந்துவிட்டது. சமநிலை எண் 1,200 க்கு மேல் போய்விடும். விசிறியின் துவாரத்தில் தூசு படிந்திருக்கலாம், குழாய் நசுங்கியிருக்கலாம், வெளிச்சுவரில் உள்ள மடல் உறைபனியால் ஒட்டியிருக்கலாம். இவை எதுவும் இல்லையாயின் கதவடியைப் பார்க்க வேண்டும். விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடான காற்று கதவடி இடைவெளி வழியே வந்தாக வேண்டும். அங்கே செருகிய துணி, விசிறியைக் கட்டிப்போட்டதற்கு ஒப்பாகும்.

கருவியின் எண் பொய்யாகத் தாழ்வதும் உண்டு. பெரும்பாலான அளவிகள் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. அமைப்புப் பக்கத்தில் இது ABC என்று காணப்படலாம். சில நாட்களில் தாம் கண்ட மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்றின் எண்ணாக, அதாவது 400 ஆக, அவை எடுத்துக்கொள்கின்றன. பகலில் வெறுமையாகி யன்னலும் திறக்கப்படும் அறைக்கு இது பொருந்தும். அம்மம்மாவோ கைக்குழந்தையோ பகலும் இரவும் இருக்கும், குளிர்காலம் முழுவதும் மூடியே கிடக்கும் அறைக்கு இது பொருந்தாது. அங்கே மிகக் குறைந்த எண் 700 ஆக இருந்தாலும் கருவி அதையே 400 என்று கருதி, நாளடைவில் எல்லா எண்களையும் 300 குறைத்துக் காட்டும். விசிறி ஓட வேண்டிய வேளையில் ஓடாது. திரையோ நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். காற்று மிக அடைசலாகத் தோன்றும்போதும் எண் 600 இல் நின்றால் ஐயப்பட வேண்டும். தானியங்குத் திருத்தத்தை நிறுத்திவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை, உறைநிலைக்கு மேலான வெப்பநிலை உள்ள ஒரு நாளில் கருவியை வெளியே நிழலில் இருபது நிமிடங்கள் வைத்து, கையேட்டின்படி கையால் திருத்துவதே சரியான தீர்வு. கடுங்குளிரில் வெளியே வைத்தால் பல அளவிகள் தவறான எண்ணையே தரும்.

எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது எரிவாயு நீர்சூடாக்கி. பழைய வகை நீர்சூடாக்கிகளின் புகை, புகைபோக்கியின் இயல்பான இழுவையால் மேலே செல்கின்றது. இறுக மூடிய நிலக்கீழ்த் தளத்தில் வெளியேற்று விசிறி நெடுநேரம் ஓடினால், உள்ளே காற்றழுத்தம் குறைந்து, அப்புகை வீட்டுக்குள்ளேயே திரும்பி இழுக்கப்படக்கூடும். அதில் காபனோரொட்சைட்டு இருக்கலாம். விசிறியை வரம்புகளால் தானாக இயங்கவிடும் முன் இதைச் சோதித்தே ஆக வேண்டும். யன்னல்களையும் வெளிக்கதவுகளையும் மூடி, குளியலறை விசிறிகள், சமையலறை விசிறி, துணி உலர்த்தி அனைத்தையும் இயக்கி, சுடுநீர்க் குழாயைத் திறந்து நீர்சூடாக்கியை எரியச் செய்ய வேண்டும். ஐந்து நிமிடங்களின் பின், தொட்டியின் உச்சியில் புகைபோக்கி தொடங்கும் கூம்பு வடிவ இடைவெளியின் அருகே எரியும் ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். புகை உள்ளே இழுக்கப்பட்டால் நன்று. வெளியே தள்ளப்பட்டால் விசிறிகளை உடனே நிறுத்தி, யன்னல்களைத் திறந்து, உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளரை அழைத்து, அவர் சரிபார்க்கும் வரை நீர்சூடாக்கியைப் பயன்படுத்தாதிருத்தல் வேண்டும். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் எதையும் சோதித்துக்கொண்டிராமல் அனைவரும் வெளியேறி 911 ஐ அழைக்க வேண்டும்.

வெளியேற்று விசிறியால் உண்டாகும் அதே அழுத்தக் குறைவு, நிலத்திலிருந்து வரும் ரேடன் வாயுவையும் கூடுதலாக இழுக்கக்கூடும். ரேடனுக்கு நிறமும் மணமும் இல்லை. காபனீரொட்சைட்டு அளவி அதைக் காட்டாது. நிலக்கீழ்த் தளத்தில் விசிறியை நெடுநேரம் ஓட்டுவோர், குளிர்காலத்தில் மூன்று மாதங்கள் வைக்கும் ரேடன் சோதனைக் கருவியைக் கொண்டு ஒருமுறை அளந்துகொள்வது தகும். கனடிய வழிகாட்டல் அளவு கன மீற்றருக்கு 200 பெக்கரெல்.

வாடகைக் குடியிருப்பில் குளியலறை விசிறி வேலைசெய்யவில்லை என்றால், அதைச் சீர்செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, திகதியோடு ஒரு படியை வைத்திருப்பதும், விசிறி ஓடும்போதும் ஓடாதபோதும் அளவி காட்டிய எண்களைக் குறித்து இணைப்பதும் பயன்தரும். சீர்செய்யப்படாவிட்டால் ரொறன்ரோவில் 311 ஐ அழைத்து முறையிடலாம். அழைத்தவுடன் தமிழ் என்று கூறினால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.